54 லட்சம் எங்கே போனது?

2013 ஜனவரி 1 அன்று இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளில் சத்தமில்லாமல் ஒரு மாற்றம் நடந்தது. அன்று முதல் ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் தன் திட்டங்களை இரண்டு வகையில் விற்க வேண்டும் என்று செபி உத்தரவிட்டிருந்தது. முகவர் மூலமாகவோ வங்கி மூலமாகவோ வாங்கினால் அது ரெகுலர் பிளான். இடையில் யாரும் இல்லாமல் நேரடியாக வாங்கினால் டைரக்ட் பிளான். இரண்டுக்கும் ஒரே ஃபண்ட் மேலாளர், ஒரே பங்குகள். ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் விற்கிறார்கள். முகவருக்குப் போகும் கமிஷன் ஒன்றில் உண்டு, மற்றதில் இல்லை. அதனால் ஒன்றின் ஆண்டுச் செலவு கூடுதல், மற்றதன் செலவு குறைவு.

செலவு விகிதம் என்று சொல்லப்படும் எக்ஸ்பென்ஸ் ரேஷியோ நீண்ட காலத்தில் என்ன செய்யும் என்று பார்க்க இதைவிடத் தெளிவான இடம் கிடைக்காது. இரண்டு வெவ்வேறு ஃபண்டுகளை ஒப்பிட்டால் மேலாளரின் திறமை, அதிர்ஷ்டம், சந்தையின் போக்கு எல்லாம் கணக்கில் கலந்துவிடும். இங்கே முதலீடு ஈட்டும் மொத்த வருமானம் இரண்டுக்கும் ஒன்றுதான். கடைசியில் கையில் வரும் தொகை வேறுபட்டால், அதற்குக் காரணம் செலவு மட்டுமே.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று எண்களை முழுமையாக வைத்துக்கொள்வோம். மொத்த வருமானம் ஆண்டுக்கு 12 சதவீதம். முதல் ஃபண்டின் செலவு 1 சதவீதம், இரண்டாவதன் செலவு 2 சதவீதம். முதலீட்டாளருக்குக் கிடைப்பது முறையே 11, 10 சதவீதம். இரண்டிலும் தலா 10 லட்சம் ரூபாய் போட்டுவிட்டு 30 ஆண்டுகள் தொடவே இல்லை என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் எந்தச் சந்தையும் ஆண்டுதோறும் ஒரே மாதிரி 12 சதவீதம் தராது. ஆனால் செலவின் விளைவு மட்டும் தனியாகத் தெரிய, மற்றதை எல்லாம் அசையாமல் பிடித்து வைக்க வேண்டியிருக்கிறது.

முதல் ஆண்டு முடிவில் ஒன்றில் 11.10 லட்சம், மற்றதில் 11 லட்சம். வித்தியாசம் பத்தாயிரம் ரூபாய். யாரும் இதற்காகத் தூக்கத்தைத் தொலைக்க மாட்டார்கள். பத்தாம் ஆண்டில் 28.39 லட்சமும் 25.94 லட்சமும்; இடைவெளி ஏறத்தாழ இரண்டரை லட்சம். இருபதாம் ஆண்டில் 80.62 லட்சத்துக்கும் 67.27 லட்சத்துக்கும் நடுவே 13 லட்சத்துக்கு மேல். முப்பதாம் ஆண்டில் முதல் ஃபண்டில் 2 கோடியே 28.92 லட்சம், இரண்டாவதில் 1 கோடியே 74.49 லட்சம். இடைவெளி 54 லட்சத்து 43 ஆயிரம். போட்ட பணமே 10 லட்சம்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சதவீத வித்தியாசம் எப்படி ஏறத்தாழ கால்பங்கு பணத்தை விழுங்குகிறது? ஒவ்வோர் ஆண்டும் இரண்டாவது ஃபண்ட் 1.10 மடங்காகும்போது முதல் ஃபண்ட் 1.11 மடங்காகிறது. அதாவது ஆண்டுக்கு ஒருமுறை இரண்டாவது ஃபண்ட், முதலாவதோடு ஒப்பிட்டால் 99.1 சதவீதமாகச் சுருங்குகிறது. ஒருமுறை சுருங்கினால் பெரிதாகத் தெரியாது. முப்பது முறை சுருங்கினால் 76 சதவீதம்தான் மிஞ்சும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தச் சுருக்கம் சந்தை எவ்வளவு தருகிறது என்பதைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மொத்த வருமானம் 12க்குப் பதிலாக 8 சதவீதமாக இருந்தாலும், முப்பது ஆண்டில் இழக்கும் பங்கு ஏறத்தாழ அதே கால்பங்குதான். ரூபாயில் தொகை குறையும், விகிதம் மாறாது. அதைத் தீர்மானிப்பவை இரண்டு: செலவில் எவ்வளவு வித்தியாசம், எத்தனை ஆண்டு. செலவு வித்தியாசம் அரை சதவீதம் மட்டும் என்றால், அதே முப்பது ஆண்டில் எட்டில் ஒரு பங்கு போகும்.

சரி, அந்த 54 லட்சம் யார் வீட்டுக்குப் போனது? ஃபண்ட் நிறுவனம் சுருட்டிக்கொண்டது என்றுதான் சட்டெனத் தோன்றும். கூட்டிப் பார்த்தால் கதை வேறு. ஆண்டுத் தொடக்கத்தில் இருக்கும் தொகைக்கு 2 சதவீதம் என்று வைத்து, முப்பது ஆண்டுக் கட்டணத்தையும் கூட்டினால் இரண்டாவது ஃபண்டில் ஏறத்தாழ 32 லட்சத்து 90 ஆயிரம் ரூபாய் வருகிறது. முதல் ஃபண்டில் இதே கணக்கு 19 லட்சத்து 90 ஆயிரம். ஆக, இரண்டாவது ஃபண்டின் தரப்பு கூடுதலாக வாங்கியது 13 லட்சம்தான். ஆனால் முதலீட்டாளரின் கையில் குறைந்தது 54 லட்சம்.

மீதி 41 லட்சம், அந்தக் கட்டணப் பணம் முதலீட்டாளரிடமே இருந்திருந்தால் போட்டிருக்கும் குட்டி. முதல் ஆண்டில் கூடுதலாகப் போன பத்தாயிரம், இன்னும் 29 ஆண்டுகள் வளர்ந்திருக்க வேண்டிய பணம். எந்த அறிக்கையிலும் அந்த இழப்புக்கு ஒரு வரி கிடையாது. கட்டிய கட்டணத்தையாவது கணக்குப் பார்க்கலாம். வளராமல் போனதை யார் பார்த்தார்கள்? கூட்டு வட்டியின் பெருமையைப் பேசாத ஃபண்ட் விளம்பரமே இல்லை. அதே கூட்டு வட்டி கட்டணத்துக்கும் வேலை செய்யும் என்பதை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

நம்மில் பலருக்கு இந்த 2 சதவீதம் உறைக்காததற்குக் காரணம், அது எதன் மீதான 2 சதவீதம் என்று யோசிக்காததுதான். நிலம் வாங்கும்போது புரோக்கருக்கு 2 சதவீதம் கொடுத்தால், அது ஒரே முறை. அதோடு அவர் போய்விடுவார். இங்கே கழிவது ஒவ்வோர் ஆண்டும், அதுவும் அன்றைக்கு இருக்கும் முழுத் தொகையின் மீது. லாபம் வந்ததா நஷ்டம் வந்ததா என்ற கேள்வியே இல்லை. சந்தை 12 சதவீதம் தந்தால் 2 சதவீதம் என்பது லாபத்தில் ஆறில் ஒரு பங்கு. சந்தை 6 சதவீதம் தரும் மந்தமான காலத்தில் அதுவே மூன்றில் ஒரு பங்கு. சந்தை விழுந்த ஆண்டிலும் கட்டணம் நிற்காது.

முதல் ஆண்டில் 10 லட்சத்துக்கு 2 சதவீதம் என்றால் 20,000 ரூபாய். முப்பதாம் ஆண்டில் தொகை 1 கோடியே 58 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அந்த ஓர் ஆண்டுக் கட்டணம் மட்டும் 3 லட்சத்து 17 ஆயிரம். தொடக்கத்தில் போட்ட முதலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை ஒரே ஆண்டில் கட்டணமாகக் கட்டுகிறார். சதவீதம் மாறவே இல்லை, அதே 2தான். 3 லட்சத்துக்குக் காசோலை எழுதிக் கொடுக்கச் சொன்னால் கை தயங்கும். இங்கே யாரும் காசோலை கேட்பதில்லை.

கேட்காமலே எப்படி எடுக்கிறார்கள் என்பதில்தான் சூட்சுமம். ஆண்டுச் செலவை 365ஆல் வகுத்து, ஒவ்வொரு நாளும் ஃபண்டின் மொத்த சொத்திலிருந்து அன்றைய பங்கைக் கழித்துவிட்டு, அதன் பிறகே அன்றைய என்.ஏ.வி.யை அறிவிக்கிறார்கள். 100 ரூபாய் என்.ஏ.வி. உள்ள ஃபண்டில் 2 சதவீதம் என்றால், ஒரு நாளைக்கு அரை பைசாவுக்குச் சற்று மேல். அதே நாளில் சந்தையின் ஏற்ற இறக்கத்தால் அந்த என்.ஏ.வி. ஒரு ரூபாய் மேலேயோ கீழேயோ போயிருக்கும். அந்த அலையில் அரை பைசா யார் கண்ணுக்குத் தெரியும்? 10 லட்சத்துக்கு அது நாளொன்றுக்கு 55 ரூபாய். முப்பதாம் ஆண்டில் நாளொன்றுக்கு 869 ரூபாய். உங்கள் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாயும் கழியாது. செயலியில் காட்டும் வருமானம் எல்லாம் செலவு போக மிஞ்சியதுதான்.

ஆனாலும் கண்டுபிடிக்க வழி இருக்கிறது, அதுவும் ஒரே ஒரு வகுத்தலில். 2013க்கு முன்பே நடப்பில் இருந்த ஏதாவது ஒரு பழைய பங்கு ஃபண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஜனவரியில் டைரக்ட் பிளான் தொடங்கியபோது, பொதுவாக ரெகுலர் பிளானின் அன்றைய என்.ஏ.வி.யை ஒட்டியே தொடங்கியது. இன்று இரண்டின் என்.ஏ.வி.யையும் ஆம்ஃபி இணையதளத்தில் பாருங்கள். குரோத் ஆப்ஷனையே பாருங்கள், பணம் அவ்வப்போது பிரித்துத் தரும் ஆப்ஷனில் கணக்கு கெட்டுவிடும். டைரக்ட் என்.ஏ.வி. கூடுதலாகத்தான் இருக்கும். உதாரணத்துக்கு, 13 ஆண்டுகளில் ரெகுலர் 200 ரூபாயும் டைரக்ட் 226 ரூபாயும் என்றால், டைரக்ட் 13 சதவீதம் முன்னே நிற்கிறது; ஆண்டுக்கு ஏறத்தாழ 0.94 சதவீதம். மேலாளர் கெட்டிக்காரரா என்பது பற்றி இந்த எண் எதுவும் சொல்லாது. இடையில் இருந்தவருக்காக எவ்வளவு கழிந்தது என்பதை மட்டும் சொல்லும்.

இப்போதைய செலவு விகிதத்தை ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று தெரியவில்லையா? கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்திலிருந்து ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை மின்னஞ்சலில் வரவழைத்துக்கொள்ளலாம். திட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் டைரக்ட் என்றோ, ஏ.ஆர்.என். என்று தொடங்கும் முகவர் எண்ணோ இருக்கும். அரையாண்டுக்கு ஒருமுறை வரும் அறிக்கையில், உங்கள் முதலீட்டுக்காக முகவருக்குக் கொடுத்த கமிஷனை ரூபாயிலேயே போட்டிருப்பார்கள். சதவீதத்தைப் பார்த்து அசையாதவர்களும் அந்த ரூபாய்க் கணக்கைப் பார்த்துக் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

மாதாமாதம் எஸ்.ஐ.பி. கட்டுகிறவர்களுக்கு அடி சற்று மென்மையானது. மாதம் 10,000 வீதம் 30 ஆண்டுகள் கட்டினால் போடும் மொத்தம் 36 லட்சம். வழக்கமான எஸ்.ஐ.பி. கணக்கியில் 11 சதவீதத்துக்கு 2 கோடியே 83 லட்சமும், 10 சதவீதத்துக்கு 2 கோடியே 28 லட்சமும் வரும். இடைவெளி 55 லட்சம், ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. மொத்தமாகப் போட்டவர் கால்பங்கு இழந்தார். இவர் ஐந்தில் ஒன்று இழக்கிறார். இருபத்தொன்பதாம் ஆண்டில் கட்டும் தவணை, சுருங்குவதற்கு அதிக நேரம் இல்லாமலே வெளியே வந்துவிடுகிறது. முதல் சில ஆண்டுகளில் கட்டிய தவணைகள்தான் முழு அடியையும் வாங்குகின்றன.

இந்தக் கணக்கை எங்கே பொருத்தலாம், எங்கே பொருத்தக் கூடாது என்பதில் நிதானம் வேண்டும். மொத்த வருமானம் சமம் என்ற நிபந்தனை ஒரே திட்டத்தின் இரு வகைகளுக்குச் சரியாகப் பொருந்தும். ஒரே குறியீட்டைப் பின்தொடரும் இரண்டு இண்டெக்ஸ் ஃபண்டுகளுக்குப் பெரும்பாலும் பொருந்தும். நிஃப்டி 50ஐப் பின்தொடரும் ஃபண்டு எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் வாங்குவது அதே ஐம்பது பங்குகளை, அதே விகிதத்தில். அங்கே கூடுதல் கட்டணம் கேட்பவர் எதற்காகக் கேட்கிறார் என்று தயங்காமல் கேட்கலாம். ஆனால் இண்டெக்ஸ் ஃபண்டில் செலவு விகிதத்தை மட்டும் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது. டிவிடெண்டையும் சேர்த்துக் கணக்கிட்ட குறியீட்டை விட ஃபண்டு ஆண்டுக்கு எவ்வளவு பின்தங்கியது என்பதே முழு விலை. இதை டிராக்கிங் டிஃபரன்ஸ் என்கிறார்கள். கையில் ரொக்கத்தைச் சும்மா வைத்திருப்பது, குறியீட்டில் பங்குகள் மாறும்போது தாமதமாக வாங்கி விற்பது, பங்கு வாங்கி விற்கும் செலவு எல்லாம் அதில் சேர்ந்துவிடும். செலவு 0.2 சதவீதம் என்று சொல்லும் ஃபண்டு 0.5 சதவீதம் பின்தங்கினால், உங்களுக்கு விலை 0.5தான்.

மேலாளர் தேர்ந்தெடுத்து வாங்கும் இரண்டு வெவ்வேறு ஃபண்டுகளை ஒப்பிடும்போது நிலைமை வேறு. கூடுதல் கட்டணம் வாங்கும் மேலாளர் அதற்கு மேல் சம்பாதித்துத் தரலாம்; அப்படித் தந்தவர்களும் உண்டு. ஆனால் யார் தருவார் என்பது முன்கூட்டியே தெரியாது, யார் எவ்வளவு கட்டணம் வாங்குவார் என்பது முன்கூட்டியே தெரியும். வில்லியம் ஷார்ப் என்ற நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் 1991இல் ஒரு சிறு கட்டுரையில் இதை வெறும் கூட்டல் கழித்தலாகக் காட்டினார். சந்தையில் உள்ள எல்லாருடைய வருமானத்தையும் சேர்த்தால் வருவது சந்தையின் வருமானமே. ஆகவே திறமை காட்டி முதலிடுபவர்கள் ஒட்டுமொத்தமாக, செலவுக்கு முன் சந்தையின் சராசரியைத்தான் பெற முடியும். செலவு போனபின் அதைவிடக் குறைவாகத்தான் பெறுவார்கள். தனி ஒரு மேலாளர் விதிவிலக்காக இருப்பதை இந்தக் கணக்கு தடுக்காது. அந்த விதிவிலக்கை இன்றே அடையாளம் காண முடியும் என்று நினைப்பவரை மட்டும் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

முகவர்களைப் பற்றியும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பங்கு ஃபண்டுகளில் ரெகுலருக்கும் டைரக்டுக்கும் இடையே பெரும்பாலும் அரை சதவீதம் முதல் ஒன்றேகால் சதவீதம் வரை வித்தியாசம் இருக்கும். அதில் பெரும்பகுதி டிரெயில் கமிஷன், அதாவது பணம் ஃபண்டில் இருக்கும் வரை முகவருக்கு வந்துகொண்டே இருக்கும் தொகை. 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது, பயந்து விற்க ஓடிய வாடிக்கையாளரைப் போனில் பிடித்து நிறுத்திய முகவர் அந்தத் தொகைக்கு மேலேயே உழைத்தவர்தான். அப்படி ஒருவர் உங்களுக்கு இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள். படிவத்தில் கையெழுத்து வாங்கிய பிறகு முகமே காட்டாதவருக்கும் இதே கமிஷன்தான் போகிறது என்பது என் ஆதங்கம். கமிஷன் எவ்வளவு உழைத்தார் என்பதை ஒட்டி ஏறுவதில்லை, உங்கள் பணம் வளர வளரத்தான் ஏறுகிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு நாளைக்கே எல்லாவற்றையும் டைரக்டுக்கு மாற்றிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். வருமான வரிக் கணக்கில் இந்த மாற்றம் விற்று வாங்கியதாகவே எடுத்துக்கொள்ளப்படும். பங்கு ஃபண்டை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். ஓராண்டுக்குள் விற்றால் பல ஃபண்டுகளில் வெளியேறும் கட்டணமும் உண்டு. எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் அந்த ஓராண்டு தனித்தனியாக எண்ணப்படும். வரிச்சலுகை தரும் இ.எல்.எஸ்.எஸ். ஃபண்டு என்றால் ஒவ்வொரு தவணையும் மூன்று ஆண்டு பூட்டு.

ரெகுலரில் 20 லட்சம் இருக்கிறது, அதில் 10 லட்சம் லாபம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றினால் 8.75 லட்சத்துக்கு வரி, மேல்வரியும் சேர்த்து ஏறத்தாழ 1 லட்சத்து 14 ஆயிரம். செலவில் மிச்சமாவது முதல் ஆண்டில் 20,000 ரூபாய்தான். வெறும் கூட்டலில் வரியைத் திரும்ப எடுக்க ஐந்தாண்டு ஆகலாம். ஆனால் இந்த வரியில் பெரும்பகுதி என்றைக்கோ ஒருநாள் கட்ட வேண்டியதுதான். இப்போது கட்டினால் முன்கூட்டிக் கட்டுகிறோம், அவ்வளவே. இன்னும் பதினைந்து, இருபது ஆண்டுகள் பணத்தை எடுக்கப் போவதில்லை என்றால் மாற்றுவதில் அர்த்தம் இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டில் மகள் கல்யாணத்துக்கு எடுக்கப் போகிற பணம் என்றால் அப்படியே விட்டுவிடலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு நிதானமான வழி உண்டு: ரெகுலரில் போகும் எஸ்.ஐ.பி.யை நிறுத்திவிட்டு, புதுப் பணத்தை டைரக்டில் போடத் தொடங்கலாம். பழைய யூனிட்டுகளில் ஓராண்டைத் தாண்டியவற்றை, நிதியாண்டுக்கு 1.25 லட்சம் லாபத்தைத் தாண்டாத அளவில் ஒவ்வொரு மார்ச் மாதத்துக்கு முன்னும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டே போகலாம். வேறு பங்கு லாபம் இல்லாதவரை வரி வராது.

டைரக்டுக்கு வந்த பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை செலவு விகிதத்தை எட்டிப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் அது கல்வெட்டு அல்ல. செபி விதித்த உச்சவரம்புக்குள் ஃபண்ட் நிறுவனம் அதை ஏற்றலாம், இறக்கலாம். கூட்டம் சேர்க்கக் குறைந்த செலவில் தொடங்கி, பணம் சேர்ந்த பிறகு ஏற்றிய ஃபண்டுகள் உண்டு. ஏற்றும் முன் முதலீட்டாளருக்கு மின்னஞ்சலோ குறுஞ்செய்தியோ அனுப்ப வேண்டும். அது பெரும்பாலும் நாம் திறக்காத மின்னஞ்சல்களோடு போய்ச் சேர்ந்துவிடுகிறது.